நீர் எந்தப் பக்கம் நகரும்? முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு பக்கப் படிப்புக் கையேடு

முதலாண்டில் நான் எழுதி வைத்திருந்த குறிப்பு முழுக்க எண்களின் பட்டியல்தான். வாய்மொழித் தேர்வில் "ஒரு லிட்டர் சலைன் ஏற்றினால் அது உடலில் எங்கே தங்கும்?" என்று கேட்டபோது, அந்தப் பட்டியலில் பதில் இல்லை. அதனால் இந்தக் கையேட்டைப் படத்திலிருந்து தொடங்குகிறோம்.

படி 1: பெட்டிகளை வரையுங்கள். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் நீர் ஏறக்குறைய 42 லிட்டர். அதில் 28 லிட்டர் செல்களுக்குள்ளும் 14 லிட்டர் வெளியிலும் இருக்கிறது. பெரிய பெட்டி ஒன்று, அதில் பாதி அளவில் இன்னொன்று. சிறிய பெட்டியில் கால் பங்கைக் கோடிட்டுப் பிரித்தால் அது பிளாஸ்மா, சுமார் 3.5 லிட்டர். அளவு விகிதத்தோடு வரைவது முக்கியம். கண்ணே பாதி மனப்பாடத்தைச் செய்துவிடும்.

படி 2: இரண்டே உப்புகள். வெளிப்பெட்டியில் சோடியம் 135–145, பொட்டாசியம் 3.5–5. உள்பெட்டியில் பொட்டாசியம் சுமார் 140. எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. கால்சியம், மக்னீசியம் எல்லாம் வேறு பக்கத்துக்குப் போகட்டும். இரு பெட்டிகளுக்கும் நடுவில் இந்த விதியை எழுதுங்கள்: செல்சவ்வை நீர் எளிதில் கடக்கும், சோடியம் கடந்தாலும் பம்ப் அதை வெளியே தள்ளிவிடும். ஆகவே, கரைபொருள் செறிவு கூடுதலாக உள்ள பக்கத்துக்கு நீர் போகும்.

படி 3: கேள்வி அட்டைகள். கையேட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முன்பக்கம் ஒரு நிகழ்வு, பின்பக்கம் அம்புக்குறியும் காரணமும். முதல் அட்டை: 0.9% சலைன் ஒரு லிட்டர். அதன் செறிவு பிளாஸ்மாவை ஒத்தது என்பதால் செல்லிலிருந்து நீரை இழுப்பதும் இல்லை, உள்ளே தள்ளுவதும் இல்லை. முழு லிட்டரும் வெளிப்பெட்டியில் தங்கும். பிளாஸ்மாவுக்குக் கால் பங்கு, அதாவது சுமார் 250 மில்லி.

இரண்டாவது அட்டை: 5% டெக்ஸ்ட்ரோஸ் ஒரு லிட்டர். குளுக்கோஸைச் செல்கள் பயன்படுத்தித் தீர்த்தபின் மிஞ்சுவது வெறும் நீர். அது 28-க்கு 14 என்ற விகிதத்தில் பிரிந்து, மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் போகும். பிளாஸ்மாவில் நிற்பது 80 மில்லியைச் சற்றே தாண்டும். இரத்த அழுத்தம் சரிந்தவருக்கு இதை ஏன் ஏற்றுவதில்லை என்பதை மாணவரே கண்டுபிடித்துவிடுவார். அந்த மகிழ்ச்சியை அட்டையில் எழுதிக் கெடுத்துவிடாதீர்கள்.

படி 4: பொறி அட்டை. "சோடியம் 120. உடலில் உப்பு குறைந்துவிட்டதா?" பெரும்பாலோர் ஆம் என்பார்கள். ஆனால் 120 என்பது செறிவு; உப்பின் மொத்த அளவை அது சொல்லாது. இதயச் செயலிழப்பில் கால் வீங்கியவருக்கு உப்பும் கூடியிருக்கும், நீர் அதைவிட அதிகமாகக் கூடியிருக்கும். எனவே பின்பக்கத்தில் "நீர் எவ்வளவு?" என்ற எதிர்க்கேள்வியை எழுதுங்கள்.

படி 5: சோதனை. அட்டைகளில் இல்லாத ஒன்றைக் கேளுங்கள்: 3% சலைன் சிறிதளவு ஏற்றினால்? எண்களை மட்டும் உருப்போட்டவர் விழிப்பார். படத்தைப் பிடித்தவர் செல்லிலிருந்து வெளியே அம்பு போட்டு, மூளை வீக்கத்துக்கு இது ஏன் உதவுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வார்.