ஹைட்ரஜன் மூலக்கூறின் ஆற்றலை வி.கியூ.ஈ. முறையில் கணக்கிடுதல்: சுற்றும் உகப்பாக்கியும் பேசிக்கொள்ளும் இடம்

வேரியேஷனல் குவாண்டம் ஐகன்சால்வர், சுருக்கமாக வி.கியூ.ஈ., ஒரு மூலக்கூறின் அடிநிலை ஆற்றலைக் கண்டறியும் வேலையை இரண்டு கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. குவாண்டம் சுற்று ஒரு கோணத்தை வாங்கி, அதற்குரிய நிலையைத் தயாரித்து, அளந்து, ஆற்றலைச் சொல்கிறது. சாதாரணக் கணினியில் ஓடும் உகப்பாக்கி அந்த எண்ணைப் பார்த்து அடுத்த கோணத்தைத் தீர்மானிக்கிறது. எந்த நிலையின் சராசரி ஆற்றலும் அடிநிலை ஆற்றலுக்குக் கீழே போகாது என்பதால், ஆற்றலைக் குறைத்துக்கொண்டே போனால் அடிநிலையை நெருங்குகிறோம். 2014இல் பெருஸ்ஸோ குழுவினர் ஒளியியல் சில்லு ஒன்றில் ஹீலியம் ஹைட்ரைடு அயனிக்கு இதை முதன்முதலில் செய்து காட்டினார்கள்.

இங்கே ஹைட்ரஜன் மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். அணுக்களின் இடைவெளி 0.735 ஆங்ஸ்ட்ராம், அடிப்படைத் தொகுதி STO-3G. சமச்சீர்மைகளைப் பயன்படுத்திச் சுருக்கினால் இரண்டு கியூபிட்டுகளே போதும். ஹாமில்டோனியன் ஹார்ட்ரீ அலகில் இப்படி அமைகிறது:

```
H = -1.05237 II + 0.39794 IZ - 0.39794 ZI
    - 0.01128 ZZ + 0.18093 XX
```

சுற்று மிக எளியது. இரண்டு கியூபிட்டுகளும் 0 நிலையில் தொடங்குகின்றன. 1ஆம் கியூபிட்டில் `RY(t)`, அதைக் கட்டுப்பாடாகக் கொண்டு 0ஆம் கியூபிட்டின் மீது `CX`, பிறகு 0ஆம் கியூபிட்டில் `X`. விளைவாக 01, 10 என்ற இரு நிலைகளின் கலவை கிடைக்கிறது. அவற்றின் வீச்சுகள் முறையே cos(t/2), sin(t/2). கோணம் சுழியாக இருக்கும்போது கிடைக்கும் 01 என்பதுதான் ஹார்ட்ரீ–ஃபாக் நிலை.

உகப்பாக்கியை இணைப்பதற்கு முன் இந்தச் சுழிக்கோணத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள். ஆற்றல் -1.837 அருகே வர வேண்டும். -0.245 வந்தால் கியூபிட்டுகளின் வரிசையைத் தலைகீழாகப் படிக்கிறீர்கள் என்று பொருள். கிஸ்கிட் போன்ற தொகுப்புகள் 0ஆம் கியூபிட்டை வலது ஓரத்தில் எழுதுகின்றன.

அளவீட்டுக்கு இரண்டே ஓட்டங்கள் போதும். IZ, ZI, ZZ மூன்றையும் ஒரே நேரடி அளவீட்டின் விடைகளிலிருந்து கணக்கிடலாம். XX உறுப்புக்கு மட்டும் அளப்பதற்கு முன் இரு கியூபிட்டுகளிலும் ஹாடமார்டு வாயிலைச் சேர்த்துத் தனியாக ஓட்ட வேண்டும். நேரடி அளவீட்டில் 00 அல்லது 11 என்ற விடை வரவே கூடாது. உண்மையான கருவியில் அவை தலைகாட்டினால், எத்தனை முறை வந்தன என்பதே அக்கருவியின் பிழையைக் காட்டும் நல்ல அடையாளம். அந்த விடைகளை நீக்கிவிட்டுச் சராசரி எடுப்பது நல்லது.

இனி என்னை ஒரு வாரம் நிறுத்தி வைத்த படி. அலைச் சார்பை முழுமையாகக் கணக்கிடும் பாவனையில் என் நிரல் சரியான விடையைத் தந்தது. ஆயிரம் முறை திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுக்கும், அதாவது ஆயிரம் ஷாட்டுகள் கொண்ட பாவனைக்கு மாற்றியதும், சைப்பையின் BFGS உகப்பாக்கி முதல் அடியிலேயே பொருளற்ற கோணத்துக்குத் தாவியது. சுற்றில்தான் தவறு இருக்கும் என்று நம்பி வாயில்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். தவறு சுற்றில் இல்லை.

சரிவைத் தனியாகத் தராதபோது, அந்த உகப்பாக்கி கோணத்தை ஏறத்தாழ 0.000000015 ரேடியன் நகர்த்தி, இரு ஆற்றல்களின் வேறுபாட்டை அந்தச் சிறு எண்ணால் வகுத்துச் சரிவைக் கணிக்கிறது. ஆயிரம் ஷாட்டுகளில் நமது ஆற்றலின் இரைச்சல், குறைந்தபட்சப் புள்ளியின் அருகே, சுமார் 0.008 ஹார்ட்ரீ. அந்த இரைச்சலை அவ்வளவு சிறிய எண்ணால் வகுத்தால் சரிவு பல லட்சமாகத் தோன்றும். உண்மையான சரிவோ, சுழிக்கோணத்தில், 0.181 மட்டுமே. உகப்பாக்கிக்குப் போய்ச் சேர்ந்தது மூலக்கூறைப் பற்றிய செய்தியே அல்ல, வெறும் இரைச்சல்.

தீர்வு, சிறு நகர்வுக்குப் பதிலாகப் பெரிய நகர்வு. இச்சுற்றில் ஆற்றல் கோணத்தைப் பொறுத்து ஒரு சைன் அலையாகவே மாறுகிறது என்பதால், இருபுறமும் π/2 தள்ளி அளந்து வேறுபாட்டில் பாதியை எடுத்தால் கிடைப்பது தோராயம் அன்று, துல்லியமான சரிவு. சுழிக்கோணத்தில் சரிபார்க்கலாம். E(π/2) = -0.86016, E(-π/2) = -1.22202, வேறுபாட்டில் பாதி 0.18093. இது XX உறுப்பின் குணகமே. ஆயிரம் ஷாட்டுகளில் இந்தச் சரிவின் பிழை சுமார் 0.018, அதாவது பத்தில் ஒரு பங்கு. திசையை அறிய இது தாராளமாகப் போதும்.

தொடக்கத்தில் பெரிய தொகுப்புகளைத் தவிர்த்து நம்பை மட்டும் பயன்படுத்துவதையே நான் விரும்புகிறேன். எந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது கண்முன் தெரியும்.

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)

def energy(t, n):
    z = 2*rng.binomial(n, np.cos(t/2)**2)/n - 1
    x = 2*rng.binomial(n, (1+np.sin(t))/2)/n - 1
    return -1.05237 - 2*0.39794*z + 0.01128 + 0.18093*x

t = 0.0
for k in range(30):
    g = (energy(t+np.pi/2, 1000) - energy(t-np.pi/2, 1000))/2
    t -= 0.4*g
print(t, energy(t, 100000) + 0.71997)
```

`energy` என்ற சார்பின் உள்ளே இருப்பது சுற்றின் பாவனை. கருவி கிடைத்தால் அந்த மூன்று வரிகளை மட்டும் மாற்றினால் போதும். இரைச்சலைப் புறக்கணித்துப் பார்த்தால் கோணம் முதல் அடியில் -0.072க்கும் இரண்டாம் அடியில் -0.122க்கும் நகர்ந்து, பிறகு -0.2235 அருகே அடங்குகிறது. கடைசி வரியில் சேர்க்கப்படும் 0.71997 இரு புரோட்டான்களின் விலக்கு ஆற்றல். அதை மறந்தால் விடை -1.857 என்று வரும், சேர்த்தால் -1.1373 ஹார்ட்ரீ அருகே வர வேண்டும்.

கோணத்தைத் தேட ஆயிரம் ஷாட்டுகளும் இறுதி ஆற்றலுக்கு ஒரு லட்சமும் கொடுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. குறைந்தபட்சப் புள்ளியின் அருகே ஆற்றல் வளைவு தட்டையானது; கோணத்தில் 0.01 ரேடியன் பிழை இருந்தாலும் ஆற்றல் 0.00004 ஹார்ட்ரீ அளவே உயரும். ஆனால் ஆற்றலை வேதியியல் துல்லியமான 0.0016 ஹார்ட்ரீக்குள் சொல்ல, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஏறத்தாழ 24,000 ஷாட்டுகள் தேவை. எல்லா அடிகளிலும் அந்த விலையைக் கொடுப்பது வீண்.

பின்சேர்க்கை: தமது நிரல் -1.15 என்று, அதாவது சரியான விடைக்கும் கீழே காட்டுவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். வழியில் கண்ட ஆற்றல்களுள் மிகக் குறைந்ததை அவர் விடையாக எடுத்திருந்தார். கீழே போகாது என்ற உறுதி உண்மையான சராசரிக்கு மட்டுமே உண்டு. ஷாட்டுகளிலிருந்து பெறும் மதிப்பீட்டுக்கு இல்லை. முப்பது இரைச்சல் எண்களில் சிறியதைத் தேர்ந்தால் அது கீழ்நோக்கியே சாய்ந்திருக்கும். எனவே இறுதிக் கோணத்தை நிறுத்தி வைத்து, தேடலில் பயன்படாத புதிய ஷாட்டுகளுடன் மறுபடி அளந்து வரும் எண்ணையே விடையாகக் கொள்ளுங்கள்.

கோணங்கள் பல உள்ள மூலக்கூறுகளுக்கு என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். மேற்கண்ட முறையில் ஒவ்வொரு கோணத்துக்கும் குறைந்தது இரண்டு அளவீடுகள் தேவைப்படுவதால் செலவு ஏறிக்கொண்டே போகும். எல்லாக் கோணங்களையும் ஒரே நேரத்தில் சீரற்ற திசையில் நகர்த்தி, அடிக்கு இரண்டே அளவீடுகளில் முடிக்கும் SPSA உகப்பாக்கியை அங்கே பரிந்துரைக்கிறேன், 2017இல் ஐ.பி.எம். குழுவினர் பெரிலியம் ஹைட்ரைடுக்குப் பயன்படுத்தியதும் அதுவே. ஒற்றைக் கோணத்துக்கு அது தேவையில்லை.