மதில் சுவருக்குச் செங்கல்லும் கலவையும் எவ்வளவு வேண்டும்: 18 மீட்டர் சுவரைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் வீட்டைச் சுற்றி மதில் எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் சுவரின் நீளத்தையும் உயரத்தையும் அடிக்கணக்கில் சொல்லி, எவ்வளவு கல் வேண்டும் என்று கடையிலேயே கேட்டுவிடுகிறார்கள். கடைக்காரர் சொல்லும் எண்ணிக்கை அனுபவத்தில் வந்ததுதான். ஆனால் சுவரின் தடிமனையும் தூண்களின் அகலத்தையும் அவர் கேட்காமல் சொன்னால், அந்த எண்ணிக்கை வேறொரு சுவருக்கு உரியதாகிவிடும். இக்கணக்கை நாமே போடுவது கடினமன்று. ஒரு நாடாவும் கால்குலேட்டரும் இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டாக, இரண்டு வீடுகளுக்கு நடுவே நேராகப் போகும் ஒரு பக்கச் சுவரை எடுத்துக்கொள்வோம். நீளம் 18 மீட்டர், அதாவது சுமார் 59 அடி. உயரம் 1.5 மீட்டர், ஏறக்குறைய 5 அடி. வாயிற்கதவு இல்லை. 225 மில்லிமீட்டர் அகலமுள்ள கான்கிரீட் தூண்கள் ஏழு, சம இடைவெளியில் நிற்கின்றன. தூண்களை இணைக்கும் தரை பீமின் மேல்மட்டத்திலிருந்து செங்கல் வேலை தொடங்குகிறது.

படி 1: கல்லை அளந்து, கலவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

மலேசியாவில் வழக்கமான செங்கல்லின் அளவு 215 மில்லிமீட்டர் நீளம், 102.5 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் உயரம். கடைக்கு வரும் கல் இதிலிருந்து சற்று மாறலாம் என்பதால், பத்துக் கற்களை நெருக்கமாக வரிசையில் வைத்து மொத்த நீளத்தை அளந்து பத்தால் வகுப்பது நல்லது. ஒரே கல்லை அளந்தால் அந்தக் கல்லின் குறை கணக்கு முழுவதிலும் ஏறிவிடும்.

சுவரில் ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள கலவையோடு சேர்ந்துதான் இடம் பிடிக்கிறது. இணைப்பின் கனம் 10 மில்லிமீட்டர் என்றால், கல் பிடிக்கும் இடம் 225 மில்லிமீட்டர் நீளமும் 75 மில்லிமீட்டர் உயரமும் ஆகும். 0.225 × 0.075 என்று பெருக்கினால் 0.016875 சதுர மீட்டர் வரும். ஒன்றை அதனால் வகுத்தால் 59.26. ஆகவே ஒரு சதுர மீட்டர் அரைக்கல் சுவருக்கு, அதாவது நாம் நாலரை இஞ்சிச் சுவர் என்று சொல்வதற்கு, ஏறத்தாழ 60 கற்கள் வேண்டும். கலவையைச் சேர்க்காமல் கல்லின் அளவை மட்டும் வைத்து வகுப்பவர்களுக்கு 71 முதல் 72 வரை வரும். இந்த ஒரு தவற்றால் ஐந்தில் ஒரு பங்கு கல் கூடுதலாக வந்து இறங்கி, வேலை முடிந்த பிறகும் முற்றத்தில் கிடக்கும்.

படி 2: தூண்களைக் கழித்துப் பரப்பைக் காணுங்கள்

ஏழு தூண்களின் மொத்த அகலம் 7 × 0.225 = 1.575 மீட்டர். 18 மீட்டரிலிருந்து இதைக் கழித்தால் 16.425 மீட்டர் மிஞ்சும். அதை 1.5 மீட்டர் உயரத்தால் பெருக்கினால் கல் வைக்கும் பரப்பு 24.64 சதுர மீட்டர். வாயிற்கதவு இருந்தால் அதன் அகலத்தையும் இங்கேயே கழித்துவிட வேண்டும்.

24.64 × 59.26 = 1,460 கற்கள்.

படி 3: வரிசையாக எண்ணிச் சரிபாருங்கள்

பரப்பை வைத்துப் போட்ட கணக்கை நான் ஒருபோதும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. வரிசை வரிசையாக ஒருமுறை எண்ணிப் பார்த்தால்தான் கொத்தனார் எங்கே கல்லை வெட்ட வேண்டியிருக்கும் என்பது தெரியும். தூணுக்குத் தூண் உள்ள இடைவெளியைக் கட்டம் என்று வைத்துக்கொண்டால், நம் சுவரில் ஆறு கட்டங்கள் உள்ளன. 16.425-ஐ ஆறால் வகுத்தால் ஒரு கட்டத்தின் உள்ளகலம் 2,737 மில்லிமீட்டர்.

பன்னிரண்டு கற்களும், இரு ஓரங்களையும் சேர்த்துப் பதின்மூன்று இணைப்புகளும் 2,580 + 130 = 2,710 மில்லிமீட்டர் பிடிக்கும். மிச்சம் 27 மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய இடத்தில் வெட்டிய கல் துண்டைச் செருகினால் அது நிலைக்காது. அதற்குப் பதில் ஒவ்வோர் இணைப்பையும் 2 மில்லிமீட்டர் கூட்டி 12 மில்லிமீட்டராக வைத்தால் வரிசை சரியாக உட்கார்ந்துவிடும். அடுத்த வரிசை அரைக்கல்லில் தொடங்கி அரைக்கல்லில் முடியும். நடுவில் பதினொரு முழுக்கல் வரும். அதுவும் பன்னிரண்டு கல் கணக்குத்தான், ஒரு கல் இரண்டாக உடைகிறது. தூண் குழி தோண்டுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டால் தூண்களைச் சற்று நகர்த்தி, மிச்சமே வராமல் செய்துகொள்ளலாம்.

உயரம் 1,500 மில்லிமீட்டரை 75-ஆல் வகுத்தால் 20 வரிசை. 12 × 20 × 6 = 1,440 கற்கள். பரப்புக் கணக்கு தந்த 1,460-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த அகன்ற இணைப்புகளால் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால் கணக்கு சரி என்று நம்பலாம்.

லோரியில் ஏற்றி இறக்கும்போது உடைவதற்கும், அரைக்கல் வெட்டும்போது நொறுங்குவதற்கும் 5 விழுக்காடு சேர்க்க வேண்டும். 1,460 × 1.05 = 1,533. ஆகவே 1,550 கற்கள் என்று சொல்லி வாங்கலாம். தரை பீம் இல்லாமல், மண்ணுக்குள் இருக்கும் அடித்தளத்திலிருந்தே கல் எழும்புவதாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு வரிசைக்கும் 72 கற்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 4: கலவையின் அளவு

சுவரின் மொத்தக் கன அளவிலிருந்து கற்களின் கன அளவைக் கழித்தால் மிஞ்சுவது கலவை. ஒரு கல்லின் கன அளவு 0.215 × 0.1025 × 0.065 = 0.001432 கன மீட்டர். ஒரு சதுர மீட்டர் அரைக்கல் சுவரின் கன அளவு 0.1025, அதிலுள்ள 59.26 கற்கள் 0.0849 பிடித்துக்கொள்ளும்; மீதி 0.0176 கன மீட்டர் கலவை.

தடிமன் மாறும்போது என்ன நேர்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்பது இஞ்சிச் சுவர், அதாவது ஒருகல் சுவர், கட்டினால் கல்லின் எண்ணிக்கை சரியாக இரட்டிக்கும். ஆகவே கலவையும் இரட்டிக்கும் என்று எண்ணிச் சிமெண்டை வாங்குகிறார்கள். ஆனால் அரைக்கல் சுவர்கள் இரண்டு முதுகோடு முதுகாக நிற்பதைப் போன்றதுதான் ஒருகல் சுவர். அவற்றின் நடுவே 10 மில்லிமீட்டர் கனத்தில் சுவர் முழுவதும் பரவிய ஒரு கலவை அடுக்கு புதிதாக வருகிறது. 0.0176-இன் இரு மடங்கு 0.0352, நடு அடுக்கு 0.010, மொத்தம் 0.0452 கன மீட்டர். கல் இரண்டு மடங்கு, கலவையோ இரண்டரை மடங்குக்கும் மேல். குறுக்குக்கல் வைத்துப் பிணைத்துக் கட்டினாலும் இந்த அளவுகள் மாறுவதில்லை.

நம் அரைக்கல் சுவருக்கு 24.64 × 0.0176 = 0.434 கன மீட்டர். கல்லின் குழியில் நிரம்புவதற்கும், கரண்டியிலிருந்து கீழே சிந்துவதற்கும், 12 மில்லிமீட்டராகிவிட்ட இணைப்புகளுக்கும் சேர்த்துக் கால் பங்கு கூட்டினால் 0.54 கன மீட்டர். இந்த உயரத்தில் அரைக்கல் சுவரைத் தூணில்லாமல் எழுப்பக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தூண் செலவைத் தவிர்க்க நினைத்தால் தடிமனான சுவருக்கு மாறி, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

படி 5: சிமெண்டும் மணலும்

நீர் ஊற்றியதும் கலவை சுருங்குவதால், ஈரக்கலவையின் அளவை 1.3-ஆல் பெருக்கினால்தான் உலர்ந்த பொருள்களின் அளவு கிடைக்கும். 0.54 × 1.3 = 0.70 கன மீட்டர். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்ற விகிதத்தில் இதை ஏழாகப் பிரித்தால் சிமெண்ட் 0.10 கன மீட்டர், மணல் 0.60 கன மீட்டர். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்று ஏறக்குறைய 0.035 கன மீட்டர் இருக்கும். ஆகவே மூன்று மூட்டை. மழைநீர் தேங்கும் இடத்தில் அடி வரிசைகளுக்கு நான்கு பங்கு மணல் போதும். அதற்காக இன்னொரு மூட்டையை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மணல் விஷயத்தில் நம் ஊர் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாலை மழையில் நனைந்து லேசாக ஈரமான மணல் உப்பிக்கொள்ளும். அதே எடை மணல் அதிக இடத்தை அடைக்கும். ஆறு வாளி ஈர மணல் போட்டதாக நினைக்கும்போது உண்மையில் ஐந்து வாளிக்கும் குறைவாகவே விழுந்திருக்கும். கலவையின் அளவு குறைந்து, சிமெண்ட் கணக்கைவிட விரைவாகத் தீரும். இதைச் சோதிக்க, ஒரு வாளியில் ஈர மணலை அழுத்தாமல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்டு, மணல் மூழ்கும்வரை நீர் ஊற்றிக் குச்சியால் நன்கு கிளறிவிட்டு அடங்க விடுங்கள். மணல் 16 சென்டிமீட்டருக்கு இறங்கினால், 4-ஐ 16-ஆல் வகுக்க, உப்பல் 25 விழுக்காடு. அப்போது 0.60-க்குப் பதில் 0.75 கன மீட்டர் மணல் அளந்து வாங்க வேண்டும். கலக்கும்போதும் ஆறு வாளிக்கு ஏழரை வாளி போட வேண்டும்.

பூச்சு வேலைக்கான கலவை இதில் இல்லை. இரு பக்கமும் தூணோடு சேர்த்து 15 மில்லிமீட்டர் கனத்தில் பூசினால், 18 × 1.5 × 2 × 0.015 = 0.81 கன மீட்டர் ஆகும். இது கல் கட்டும் கலவையைவிட அதிகம். ஆகவே தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: முதல் கட்டத்திலேயே சோதியுங்கள்

ஒரு கட்டத்துக்கு 240 கல், அரை மூட்டை சிமெண்ட் என்பதே நம் கணக்கு. முதல் கட்டம் முடிந்ததும் அரை மூட்டைக்கு மேல் தீர்ந்திருந்தால், நாடாவைச் சுவரில் வைத்து நான்கு வரிசைகளின் உயரத்தை அளந்து பாருங்கள். 300 மில்லிமீட்டர் இருந்தால் இணைப்பு சரி. குறை பெரும்பாலும் மணல் அளப்பதில் இருக்கும். 320 வந்தால் படுக்கை இணைப்பு 15 மில்லிமீட்டராகிவிட்டது. அப்படியே போனால் ஒரு சதுர மீட்டருக்கு வேண்டிய கலவை சுமார் 30 விழுக்காடு கூடும், 1.5 மீட்டர் உயரத்தில் முடிய வேண்டிய இருபதாவது வரிசை 1.6 மீட்டரில் போய் நிற்கும். அப்போது இரண்டாவது கட்டம் தொடங்குமுன், தூணில் 75 மில்லிமீட்டருக்கு ஒரு கோடாகப் பென்சிலால் குறித்து, அந்தக் கோடுகளுக்கு நூல் கட்டிக் கல் வைக்கும்படி கொத்தனாரிடம் சொல்லுங்கள்.