கணக்குப் பிரிவுக்கான இருமொழிச் சொற்பட்டியல்: வரவு, செலவிலிருந்து தொடங்குவோம்

மட்டக்களப்பில் ஒரு கணக்குப் பிரிவுக்குச் சொற்பட்டியல் தயாரிப்பவர், அகராதியைத் திறப்பதற்கு முன் தமது அலுவலகத்தின் வவுச்சர்களையும் பேரேட்டையும் பரீட்சை மீதியையும் எடுத்து, அவற்றில் உண்மையில் எழுதப்பட்டிருக்கும் சொற்களைத் திரட்ட வேண்டும். பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினியில் திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருப்பதால், யுனிகோடில் தட்டித் தேடினால் எதுவும் அகப்படாது.

அடுத்து, எக்செல் தாளில் நான்கு நிரல்களை அமையுங்கள். A நிரலில் ஆங்கிலச் சொல், B நிரலில் ஏற்றுக்கொண்ட தமிழ்ச்சொல், C நிரலில் தவிர்க்க வேண்டிய சொல், D நிரலில் ஒரு மாதிரிப் பதிவு. ஒரு நிரையில் ஒரு கருத்து மட்டுமே இடம்பெற வேண்டும். நான்காவது நிரலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பட்டியலுக்கு உயிர் கொடுப்பதே அதுதான்.

முதலில் தீர்க்க வேண்டியவை டெபிட், கிரெடிட் என்ற இரண்டுமே. இலங்கையில் உயர்தரக் கணக்கீடு கற்றவர்களுக்கு டெபிட் வரவு, கிரெடிட் செலவு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் டெபிட் பற்று, கிரெடிட் வரவு. ஆகவே வரவு என்ற ஒரே சொல் இரு கரைகளிலும் எதிரெதிர்ப் பக்கங்களைக் குறிக்கிறது.

காசாகக் கொடுத்த வாடகை 25,000 ரூபாயை எடுத்துக்கொள்வோம். நம்முடைய முறையில் வாடகைக் கணக்கு வரவு, காசுக் கணக்கு செலவு. தமிழ்நாட்டு நூலைப் பார்த்து ஒருவர் 'வாடகை பற்று, காசு வரவு' என்று எழுதிக் கொடுக்க, பதிபவர் அந்த வரவை நம்முடைய வரவாக எண்ணிப் பக்கம் மாற்றினால், இரு பக்கமும் சேர்ந்தே புரள்வதால் பரீட்சை மீதி சமப்பட்டுவிடும். பிழை அங்கே தெரியாது. காசை எண்ணிப் பார்க்கும்போதுதான், ஏட்டின் மீதி கையிருப்பைவிட 50,000 ரூபாய், அதாவது தொகையின் இருமடங்கு, கூடுதலாக நிற்பது தெரியவரும்.

எனவே B நிரலில் டெபிட்டுக்கு வரவு என்றும், C நிரலில் பற்று என்றும் எழுதி, D நிரலில் மேற்கண்ட வாடகைப் பதிவை வையுங்கள். கிரெடிட்டுக்குச் செலவு என்று கொண்டால், வாடகை, சம்பளம் போன்றவற்றைக் குறிக்க அதே சொல்லைப் பயன்படுத்தாமல் செலவினம் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் 'செலவை வரவு வைக்கவும்' என்ற வாக்கியத்தில் புதியவர் கட்டாயம் தடுமாறுவார்.

ஒரே தமிழ்ச்சொல் இரு ஆங்கிலச் சொற்களுக்கு விழுந்திருக்கிறதா என்று பார்க்க, E2 கலத்தில் இதை இட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIF($B:$B,$B2)>1
```

TRUE வரும் நிரைகளைக் குழுவாக அமர்ந்து தீருங்கள். கலத்தின் முழு உள்ளடக்கத்தையும் ஒப்பிடும் சூத்திரம் இது. சொல்லின் இறுதியில் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தாலும் ஒற்றுமை பிடிபடாது.

தீர்த்த சொற்களைக் கோப்புகளில் மொத்தமாக மாற்ற முயல வேண்டாம். செலவு என்பதை ஒரே கட்டளையில் மாற்றினால் 'வரவு செலவுத் திட்டம்' என்ற தலைப்பும் சிதையும். கையொப்பமிட்ட பழைய கணக்குகளை அப்படியே விட்டு, புதிய நிதியாண்டின் முதல் வவுச்சரிலிருந்து பட்டியலைப் பின்பற்றுங்கள்.