40 பேருக்கு வெண்பொங்கல்: அளவை எப்படிக் கூட்டுவது?

4 பேருக்கு 200 கிராம் பச்சரிசி, 100 கிராம் பாசிப்பருப்பு போட்டால், 40 பேருக்கு எல்லாமே பத்து மடங்கு என்று கணக்குப் போடத் தோன்றும். அரிசி, பருப்பு, நெய், முந்திரிக்கு அது சரி. தண்ணீருக்குச் சரிவராது.

வீட்டில் திறந்த பாத்திரத்தில் இதற்கு 1.6 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதைப் பத்தால் பெருக்கி 16 லிட்டரையும் அண்டாவில் முதலிலேயே ஊற்றினால் பொங்கல் கஞ்சியாகிவிடும். அண்டாவில் உள்ள அளவோடு பார்த்தால் ஆவி போகிற மேற்பரப்பு குறைவு. அடுப்பை அணைத்த பிறகும் சூடு வெகுநேரம் நிற்கும். 13 லிட்டரில் தொடங்கி, 3 லிட்டர் வெந்நீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரிசி குழைவதற்குள் பொங்கல் இறுகினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். இறக்கும்போது தளர்வாகவே இருக்கட்டும், ஆறினால் தானாக இறுகும்.

மிளகு, இஞ்சி, உப்பு மூன்றையும் பத்து மடங்கில் முக்கால் பங்கு போட்டு ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

சமையல் செய்பவரிடம் கொடுக்கும் தாளில் டம்ளர், கரண்டிக் கணக்கு வேண்டாம். போடும் வரிசையிலேயே, இறுதி அளவை மட்டும் இப்படி எழுதுங்கள்:

| பொருள் | 40 பேருக்கு |
|---|---|
| தண்ணீர் | 13 லிட்டர் + 3 லிட்டர் வெந்நீர் |
| பாசிப்பருப்பு | 1 கிலோ |
| பச்சரிசி | 2 கிலோ |
| உப்பு | 60 கிராம், பிறகு ருசிக்கு |
| நெய் | 400 கிராம் |
| முந்திரி | 200 கிராம் |
| மிளகு | 22 கிராம் |
| சீரகம் | 25 கிராம் |
| இஞ்சி | 75 கிராம் |

தாளிப்பில் பாதி நெய் போதும். மீதியைப் பரிமாறும் முன் ஊற்றிக் கிளறுங்கள்.