'எக்செல் எக்ஸ்பர்ட்' என்று ரெஸ்யூமேயில் இருந்தால்

ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் ஸ்டோர் கணக்கு வேலைக்கு வந்த ரெஸ்யூமே என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எக்ஸ்பர்ட்' என்ற சொல்லை விட்டுவிட்டு, பழைய வேலையைப் பற்றிய வரியைப் படியுங்கள். 'தினசரி இருப்பைப் பதிவு செய்தேன்' என்று மட்டும் இருந்தால் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். 'கொள்முதலையும் இருப்பையும் லாட் எண் வைத்து ஒப்பிட்டு வித்தியாசம் கண்டுபிடித்தேன்' என்றால், பக்கத்தில் 'ஓரளவு தெரியும்' என்று அடக்கமாகப் போட்டிருந்தாலும், தனியாக வேலை முடிக்கக்கூடியவர்.

அதற்கு மேல் காகிதத்தில் தெரியாது, நேரில்தான் கேட்க வேண்டும்: லாட் எண் இரண்டு ஷீட்டிலும் இருக்கிறது, ஆனால் ஒரு ஷீட்டில் உள்ளதை இன்னொன்றில் தேடி எடுக்கும் VLOOKUP ஃபார்முலா போட்டால் 'கிடைக்கவில்லை' என்று #N/A வருகிறது, ஏன்? ஒரு ஷீட்டில் எண் டெக்ஸ்டாக இருக்கலாம், கடைசியில் ஸ்பேஸ் ஒட்டியிருக்கலாம் என்று சட்டென்று சொல்பவர் ஏற்கெனவே அதில் மாட்டி மீண்டவர். 'ஃபார்முலாவை மறுபடி போட்டுப் பார்ப்பேன்' என்பவரை எக்ஸ்பர்ட் கணக்கில் சேர்க்காதீர்கள்.