பர்சேஸ் ரெஜிஸ்டரையும் GSTR-2B-யையும் நேராக்குவது எப்படி: ஒரு மாதக் கணக்கோடு

ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் GSTR-2B வந்துவிடும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் நம் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுத் தாக்கல் செய்த பில்கள் எல்லாம் அதில் இருக்கும். 20-ஆம் தேதிக்குள் அந்த மாதத்து வரித் தாக்கலான 3B போட வேண்டும். நடுவில் உள்ள அந்த ஆறு நாளில் செய்கிற வேலைதான் இது.

2022 ஜனவரி 1 முதல், விற்றவர் தாக்கல் செய்து 2B-யில் வந்த பில்லுக்கு மட்டும்தான் இன்புட் எடுக்கலாம், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பில் கையில் இருக்கிறது, பணமும் கொடுத்தாயிற்று என்பதெல்லாம் போதாது. அதனால் பலரும் 2B-யின் மொத்தத்தை அப்படியே 3B-யில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதில் இரண்டு பக்கமும் நஷ்டம் உண்டு: நமக்குச் சேராத இன்புட் உள்ளே வந்துவிடும், நமக்குச் சேர வேண்டியது விட்டுப்போனதும் தெரியாது.

ஈரோட்டில் ஒரு மின்சாதனக் கடையின் 2025 ஆகஸ்ட் மாதக் கணக்கை வைத்தே பார்ப்போம். விளங்குவதற்காக வரிகளைக் குறைத்து, எண்களை எளிதாக்கியிருக்கிறேன். கடைக் கணக்கில் இன்புட் 39,150 ரூபாய். 2B-யில் 36,279 ரூபாய். வித்தியாசம் 2,871. இந்த 2,871-ஐ எங்கே என்று தேடி உட்காராதீர்கள். அப்படி ஒரு பில்லே கிடையாது. கூடுதலும் குறைச்சலும் ஒன்றையொன்று தின்றது போக மிஞ்சியிருப்பதுதான் அந்த எண்.

முதலில் இரண்டு பட்டியலையும் ஒரே அச்சுக்குக் கொண்டுவருவோம்

தளத்தில் Returns Dashboard-க்குப் போய், மாதத்தைத் தேர்ந்தெடுத்து, 2B-யை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். முந்தைய மாத 3B போடாமல் இருந்தால் 2B உருவாகியிருக்காது, அதை முதலில் முடியுங்கள். கோப்பில் நிறைய தாள்கள் இருக்கும். நமக்கு இப்போது வேண்டியது B2B என்ற தாளும், கிரெடிட் நோட்டுகள் உள்ள B2B-CDNR தாளும். கிரெடிட் நோட் தொகை கூட்டல் எண்ணாகவே இருக்கும். எடுத்து ஒட்டும்போது முன்னால் கழித்தல் குறி போட மறக்காதீர்கள்.

டேலியில் பர்சேஸ் ரெஜிஸ்டரை எடுக்கும்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். வவுச்சர் எண் என்பது நம் டேலி தானாகப் போடும் வரிசை எண். விற்றவரின் பில் எண் Supplier Invoice No. என்ற இடத்தில்தான் இருக்கும். பில் ஏற்றுகிறவர் அவசரத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தால் எந்தச் சூத்திரம் போட்டாலும் எதுவும் பொருந்தாது. காலியாக இருப்பவற்றை முதலில் பில் கட்டை எடுத்து வைத்து நிரப்புங்கள். இந்த வேலைக்குக் குறுக்கு வழி இல்லை.

ஒரே எக்செல் கோப்பில் Books என்றும் 2B என்றும் இரண்டு தாள்கள். இரண்டிலும் ஒரே வரிசை: A-யில் விற்றவரின் ஜிஎஸ்டி எண், B-யில் பில் எண், C-யில் தேதி, D-யில் வரிக்கு முந்தைய மதிப்பு, E-யில் மொத்த வரி. மேல் வரியில் தலைப்பு. ஒட்டுவதற்கு முன்பே B நெடுவரிசையை Text என்று மாற்றிவிடுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். 05-08 என்ற பில் எண்ணை எக்செல் ஆகஸ்ட் 5 என்று தேதியாக்கிவிட்டது. பில்களைப் பொருத்த அடுத்துப் போடப்போகிற சாவியில் பார்த்தால் 45874 என்று நிற்கிறது. பில் எண் இருக்க வேண்டிய இடத்தில் 45 ஆயிரத்துச் சொச்சமாக ஐந்திலக்க எண் தெரிந்தால் இதுதான் காரணம்.

சாவி போடுவது

பில் எண் மட்டும் போதாது, 101 என்று பத்துக் கடைக்காரர்கள் பில் போட்டிருப்பார்கள். ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் சேர்த்து ஒரு சாவி செய்வோம். ஒருவர் CB/1187 என்று எழுதுவதை இன்னொருவர் CB-1187 என்று ஏற்றுவார் என்பதால் கோடு, சாய்கோடு, இடைவெளி மூன்றையும் நீக்கிவிடலாம். இரண்டு தாளிலும் F2-வில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=UPPER(TRIM(A2))&"|"&SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(UPPER(B2)," ",""),"/",""),"-","")
```

அப்புறம் Books தாளில் G2-விலும் H2-விலும்:

```
=SUMIFS('2B'!E:E,'2B'!F:F,F2)
=ROUND(SUMIFS(E:E,F:F,F2)-G2,2)
```

2B தாளில் G2-வில் இதன் மறுபக்கம், H2-வில் அதே பழைய சூத்திரம்:

```
=SUMIFS(Books!E:E,Books!F:F,F2)
```

VLOOKUP போடலாமே என்று கேட்பீர்கள். ஒரே பில் இரண்டு வரியாக ஏறியிருந்தால் VLOOKUP முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு பொய் வித்தியாசம் காட்டும். SUMIFS இரண்டையும் கூட்டிவிடும். இரண்டு தாளிலும் சூத்திரம் போடுவதும் காரணமாகத்தான். Books பக்கம் மட்டும் பார்த்தால் விட்டுப்போன இன்புட் ஒருநாளும் கண்ணில் படாது. அது 2B பக்கத்தில்தான் தனியாக நிற்கும்.

H-இல் சுழியம் வந்தவை பொருந்தின. ஒரு ரூபாய்க்குள் வித்தியாசம் இருந்தால் பைசா முழுமையாக்கியதுதான், விட்டுவிடலாம். G-யில் சுழியம் என்றால் அந்தப் பில் எதிர்ப்பக்கத்தில் இல்லவே இல்லை, அல்லது வேறு எண்ணில் இருக்கிறது.

நம் கடைக்கு என்ன வந்தது?

கோவை மோட்டார் கம்பெனியின் CB/1187, வரி 14,400. 2B-யில் CB-1187. சாவி போட்டதும் பொருந்திவிட்டது.

பெங்களூரு சுவிட்ச் வியாபாரி, வரி 8,100. இரண்டு தாளிலும் பொருந்தாமல் நின்றார். நம்மிடம் 0452, 2B-யில் 452. முன்னால் உள்ள சுழியத்தை நம் சூத்திரம் நீக்காது. இப்படிப்பட்டவற்றுக்காக இரண்டாவது சுற்று ஒன்று உண்டு: இரண்டு தாளிலும் பொருந்தாதவற்றை மட்டும் வடிகட்டி, ஜிஎஸ்டி எண்படியும் வரித் தொகைப்படியும் அடுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஆள், ஒரே வரி, எண் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது என்றால் கண்ணே சொல்லிவிடும். பில்லைப் பார்த்து உறுதி செய்துகொண்டு எண்ணைத் திருத்துங்கள்.

சென்னை ஒயர் மொத்த வியாபாரி: நம் கணக்கில் மதிப்பு 62,500, வரி 11,250. 2B-யில் 65,200, வரி 11,736. இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்பது தெரிகிறது, மாற்றியது யார்? பில் கட்டை எடுத்தால் 65,200 என்று அச்சாகியிருக்கிறது. தவறு நம்முடையது. 486 ரூபாய் இன்புட் தானாக மீண்டது, சென்னைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கியும் சரியானது. பில்லில் 62,500 இருந்து அவர் தாக்கலில் கூட்டிப் போட்டிருந்தால், பில்லில் உள்ள 11,250-க்கு மேல் எடுக்கக் கூடாது. அவரைத் திருத்தச் சொல்ல வேண்டும்.

ஈரோட்டிலேயே உள்ள குழாய்க் கடை, ஆகஸ்ட் 28-ஆம் தேதி பில், வரி 5,400. 2B-யில் இல்லை. உடனே சண்டைக்குப் போகாதீர்கள். அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர் என்று போனில் கேட்டதும் தெரிந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கான தாக்கலுக்கு அவருக்கு அக்டோபர் 13 வரை நேரம் இருக்கிறது. மாதாமாதம் போடுபவரானாலும் 11-ஆம் தேதியைத் தாண்டிவிட்டால் அவர் பில் அடுத்த மாத 2B-க்குத்தான் வரும். இந்த மாதம் இந்த 5,400-ஐ எடுக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும்.

இனி 2B பக்கத்தில் தனியாக நின்றவை. ஒன்று வங்கி: மதிப்பு 2,350, வரி 423. பாஸ்புக்கில் 2,773 பிடித்ததைப் பார்த்து மொத்தத்தையும் வங்கிக் கட்டணச் செலவில் எழுதியிருந்தார்கள். இன்புட் விட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. வங்கி, போன், இன்டர்நெட், கூரியர் எல்லாம் பில்லாகக் கைக்கு வராதவை, பர்சேஸ் என்று யாருக்கும் தோன்றாதவை. செலவை 2,350 ஆக்கி 423-ஐ இன்புட்டில் ஏற்றினோம். அதற்காகத் தனியாக நிற்கும் எல்லாவற்றையும் அள்ளிவிடக் கூடாது. முதலாளியின் காருக்குக் கட்டிய இன்சூரன்ஸும் 2B-யில் வரும், ஆனால் 17(5) பிரிவின்படி அதற்கு இன்புட் கிடையாது.

இன்னொன்று சேலத்திலிருந்து, வரி 1,620. நாம் அங்கே எதுவுமே வாங்கவில்லை. கேட்டால், இதே பெயரில் வேறொரு கடைக்குப் போட வேண்டியதை நம் எண்ணில் போட்டிருக்கிறார்கள். தளத்தில் IMS என்ற பகுதியில் அந்தப் பில்லை Reject செய்துவிட்டு, 2B-யை மறுபடி கணக்கிடச் சொல்ல வேண்டும். 3B போடும் வரைக்கும் இதைச் செய்யலாம். எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். தொகை மட்டும் மாறியிருக்கும் உண்மையான பில்லுக்கு Reject போடாதீர்கள், முழு இன்புட்டும் போய்விடும்.

இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் வந்து நிற்க வேண்டும்

கடைக் கணக்குப் பக்கம்: 39,150-இல் குழாய்க் கடையின் 5,400 கழித்து, ஒயர் 486, வங்கி 423 கூட்டினால் 34,659. 2B பக்கம்: 36,279-இல் சேலத்தின் 1,620 கழித்தால் 34,659. 3B-யில் போக வேண்டிய தொகை இதுதான். இரண்டு பக்கமும் ஒரே எண்ணுக்கு வராத வரை எங்கோ ஒன்று மிச்சம் இருக்கிறது, 3B-யைத் தொடாதீர்கள். மொத்த வரியை மட்டும் ஒப்பிட்டதால் ஒரு தவறு இதிலும் ஒளிந்திருக்கலாம்: ஐஜிஎஸ்டியை சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியாக ஏற்றியிருந்தாலும் மொத்தம் ஒன்றாகவே இருக்கும். கடைசியாக ஐஜிஎஸ்டியின் கூட்டுத்தொகையை மட்டும் இரண்டு பக்கமும் தனியாகப் பாருங்கள். நம் கணக்கில் அது பெங்களூருவின் 8,100 மட்டும்.

2B-யில் இருந்தாலே நிலைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். விற்றவர் பில்லை அறிவித்திருக்கிறார் என்றுதான் 2B சொல்கிறது, வரியைக் கட்டினாரா என்று சொல்லாது. அந்த நிதியாண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30-க்குள்ளும் அவர் 3B போடவில்லை என்றால், விதி 37A-படி நாம் எடுத்த இன்புட்டை நவம்பர் 30-க்குள் திருப்ப வேண்டும்.

காத்திருக்கும் பில்களுக்காக 2B தாளை மாதாமாதம் அழிக்காமல், ஏப்ரலிலிருந்து வரும் எல்லா 2B-யையும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போங்கள், Books தாளும் அப்படியே. சூத்திரம் அப்படியே வேலை செய்யும், தாமதமாக வரும் பில் தானாகப் பொருந்திவிடும். 2025-26-ஆம் ஆண்டுப் பில்களுக்குக் கடைசி நாள் 2026 நவம்பர் 30, அல்லது ஆண்டுத் தாக்கல் செய்யும் நாள், எது முந்தியதோ அது. குழாய்க் கடையின் 5,400 அவ்வளவு நாள் இழுக்கவில்லை. அக்டோபர் 14-இல் வந்த 2B-யை ஒட்டியதும் H-இல் சுழியம் காட்டியது. செப்டம்பர் 3B-யில் எடுத்துக்கொண்டோம்.