140 யூரோ பில்லும் ஒப்பந்தத்தின் ஒரு வரியும்

ஜெர்மனியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சமையலறைக் குழாய் ஒழுகியபோது, பழுது பார்த்ததற்கு 140 யூரோ பில் வந்தது. ஒப்பந்தப்படி 100 யூரோ வரையிலான சிறு பழுதுகள் என் செலவு என்பதால், 100 யூரோவை நான் தர வேண்டுமென்றும் மீதி 40 யூரோவைத் தாம் ஏற்பதாகவும் வீட்டு உரிமையாளர் எழுதினார்.

வாடகைதாரர் சங்கத்தில் ஒப்பந்தத்தைக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெளிவு பிறந்தது. அந்த வரம்பு என் பங்கைக் குறிப்பதன்று. பில் அதைத் தாண்டினால் முழுத் தொகையும் உரிமையாளரின் செலவே. மேலும், குழாய், சுவிட்ச், ஜன்னல் கைப்பிடி என நாம் அடிக்கடி கையாளும் பொருள்களுக்கே இவ்விதி பொருந்தும். சுவருக்குள் ஓடும் குழாய்க்குப் பொருந்தாது. ஆண்டு முழுமைக்குமான உச்சவரம்பும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது 1989-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. என் ஒப்பந்தத்தில் அது இல்லாததால் விதியே செல்லாது. இவற்றைக் கடிதமாக எழுதி அனுப்பினேன். உரிமையாளர் கோரிக்கையைத் திரும்பப் பெற்றார்.